இறுதிச் சுற்று முடிந்த பிறகு: பொறுப்பின் எல்லையையும் சம்பளக் கட்டமைப்பையும் தேடல் நிறுவனத்திடம் கேட்கும் முறை

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு மாலை, மண்டபத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் மதுரையிலிருந்து என்னை அழைத்தார். சென்னையில் ஓர் உணவு பதப்படுத்தும் நிறுவனத்தில் ஆலைகளின் தலைவராக இருப்பவர். ராமநாதபுரம் கடற்கரையில் இறாலும் நண்டும் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஒரு குடும்ப நிறுவனம், தலைமை இயக்க அதிகாரி பதவிக்கு அவரை இறுதிச் சுற்றுக்கு அழைத்திருந்தது. அதை முடித்துவிட்டு வெளியே வந்த கையோடு பேசினார்.

"அண்ணே, மொத்தம் 96 லட்சம் என்கிறார்கள். இப்போது எனக்கு 68. சரி என்று சொல்லிவிடலாமா?"

நான் பல ஆண்டுகள் உயர்பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் தேடல் நிறுவனங்களில் ஆலோசகராக இருந்தவன். இப்போது தேவிபட்டினத்தில் இருக்கிறேன். அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "அந்த 96-இல் உங்கள் கைக்குள் இருக்கிற காரியங்களால் வரக்கூடியது எவ்வளவு?" அவருக்குப் பதில் தெரியவில்லை. இறுதிச் சுற்றை முடித்துவிட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. அடுத்த மூன்று வாரங்களில் அவர் அந்தப் பதிலை எப்படிக் கேட்டு வாங்கினார் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். வேறு துறையில் இருப்பவர்களும் வரிசையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கேள்விகளின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில்: ஆலோசகர் யாருக்காக வேலை செய்கிறார்

தேடல் நிறுவனத்துக்குக் கட்டணம் தருவது, ஆளை வேலைக்கு எடுக்கும் நிறுவனம். உயர்பதவித் தேடலில் இந்தக் கட்டணம் பொதுவாக முதலாண்டுச் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். பல ஒப்பந்தங்களில் அது மூன்று தவணையாக வரும்: வேலையைத் தொடங்கும்போது ஒன்று, தேர்ந்த பட்டியலைத் தரும்போது ஒன்று, ஆள் ஒப்புக்கொள்ளும்போதோ சேரும்போதோ ஒன்று. ஆகவே இறுதிச் சுற்று முடிந்த நேரத்தில், காரியம் சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம் ஆலோசகருக்கு உண்டு. நீங்கள் அவரிடம் சொல்வது எதுவும் முதலாளியின் காதுக்குப் போகும் என்று வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

அவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. சேர்ந்தவர் ஆறு மாதத்துக்குள்ளோ ஓராண்டுக்குள்ளோ விலகிவிட்டால், வேறொருவரைக் கட்டணமின்றித் தேடித் தர வேண்டும் என்ற உறுதி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிறது. சேர்ந்த மூன்றாம் மாதத்தில் "நான் நினைத்த வேலை இது இல்லை" என்று நீங்கள் கிளம்பினால் இழப்பு அவருக்கும்தான். ஆகவே பொறுப்பின் எல்லையைப் பற்றிய கேள்வியை, பின்னால் பிணக்கு வராதிருக்க இப்போதே தெளிவாக்கிக்கொள்ளும் முயற்சியாக அவர் முன் வைத்தால், அதை உள்ளே எடுத்துப்போக அவருக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்ற தொனியில் அதே கேள்வியைக் கேட்டால், உள்ளே போகும் செய்தி "வேட்பாளர் தயங்குகிறார்" என்பதாக மாறிவிடும்.

அன்றிரவு: யார் என்ன சொன்னார் என்று எழுதிவைத்தல்

இதைத் தள்ளிப்போடவே கூடாது. இரண்டு நாள் போனால் மூவர் சொன்ன மூன்று செய்திகளும் மனத்தில் ஒன்றாகக் கலந்து, நாம் கேட்க விரும்பியதே நினைவில் நிற்கும். நண்பரை அன்றிரவே ஒரு தாளில் நான்கு பத்தி போடச் சொன்னேன். ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே அவர் சொன்ன சொற்களையே எழுத வேண்டும், தன் விளக்கத்தைச் சேர்க்கக் கூடாது. எழுதியது இப்படி வந்தது.

நிறுவனத்தைத் தொடங்கிய முதலாளி: "ஆலைகள் முழுக்க உங்கள் கையில். நான் தலையிட மாட்டேன்." அவருடைய மகன், இயக்குநர்: "உள்நாட்டில் பாக்கெட் மீன் விற்பனை தொடங்கப்போகிறோம், அதையும் நீங்கள் பார்க்க வேண்டும்." முதலீட்டாளர் தரப்பில் வந்தவர்: "18 மாதத்தில் செலவைக் குறைத்து லாப விகிதத்தை உயர்த்த வேண்டும்." நான்காவது பத்தி, தேடல் நிறுவனம் முதலில் அனுப்பிய பதவிக் குறிப்பு: "உற்பத்தி, கொள்முதல், தரக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு முழுப் பொறுப்பு."

நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததும் ஓட்டை தெரிந்தது. பதவிக் குறிப்பில் இருந்த கொள்முதல் என்ற சொல்லை இறுதிச் சுற்றில் ஒருவரும் சொல்லவில்லை. கடற்கரையில் வளர்ந்தவருக்கு அதன் பொருள் உடனே புரிந்தது. அந்த நிறுவனத்தில் கொள்முதலைப் பார்ப்பவர் முதலாளியின் தம்பி. விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் முன்பணம் கொடுத்து, பிடித்துவரும் சரக்கைத் தங்களுக்கே தரச் செய்யும் ஏற்பாடு இந்தக் கரையில் பழையது. அந்த முன்பணக் கணக்கு காகிதத்தில் பாதியும், ஒருவருக்கொருவர் கொண்ட பழக்கத்தில் பாதியுமாக நடக்கிறது. வெளியிலிருந்து வரும் அதிகாரி ஓர் உத்தரவு போட்டு அதைத் தன் மேசைக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

கடல்பொருள் ஆலையில் செலவின் மிகப் பெரிய பகுதி கச்சாப்பொருள். அந்த விலையை நிர்ணயிப்பவர் வேறொருவராக இருக்கும்போது, இலக்கை எட்டுவதற்கு ஏற்பக் கூடிக் குறையும் உங்கள் மாறுசம்பளத்தைக் கம்பெனியின் லாபத்தை வைத்துக் கணக்கிட்டால், ஏலக்கூடத்தில் இன்னொருவர் எடுக்கும் முடிவுக்கு நீங்கள் சம்பளம் இழக்க வேண்டிவரும். பொறுப்பின் எல்லையும் சம்பளக் கட்டமைப்பும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று நான் சொல்வது இதனால்தான். பொறுப்பைக் கேட்டுத் தெளிந்த பிறகே சம்பளம் எதைக் கொண்டு அளக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். தொகை கடைசியில்தான் வரும்.

மறுநாள் காலை: நான்கு வரி

ஆலோசகருக்கு நன்றி மடல் 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அதில் கேள்விகளைக் கொட்டக் கூடாது. சந்திப்புக்கு நன்றி, பதவியில் ஆர்வம் உறுதி, உரையாடலில் மனத்தில் நின்ற ஒரு குறிப்பிட்ட விஷயம், "பொறுப்பின் எல்லை குறித்தும் சம்பளக் கட்டமைப்பு குறித்தும் உங்களோடு அரை மணி நேரம் பேச விரும்புகிறேன், எப்போது வசதி?" அவ்வளவுதான்.

கடைசி வரியை இந்தக் கட்டத்திலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. இறுதிச் சுற்று முடிந்ததும் ஆலோசகர் முதலாளி தரப்பிடம் கருத்துக் கேட்பார். அதன் பிறகு பணி வழங்கும் கடிதம் தயாராகும். கடிதம் தயாராகிவிட்டால், அதில் உள்ள பதவி விவரமும் சம்பளப் பிரிப்பும் இயக்குநர் குழுவின் ஒப்புதலைப் பெற்றவையாகிவிடுகின்றன. அதன் பின் ஒரு சொல்லை மாற்றுவதும், ஒப்புக்கொண்டதை மறுபடி திறப்பதுபோலத் தோன்றும். கடிதம் எழுதப்படாத இந்த ஒரு வாரம், பத்து நாளில்தான் எல்லாம் நெகிழ்வாக இருக்கிறது.

தொலைபேசிப் பேச்சு

எழுதுவதற்கு முன் பேசிவிடுவது நல்லது. எழுத்தில் திடீரென்று வரும் கேள்வி கடுமையாகப் படும். பேசிவிட்டு, "நாம் பேசியதை எழுதி அனுப்புகிறேன்" என்று அனுப்பினால் அது குறிப்பாகிவிடும். நண்பரிடம் பேசிய ஆலோசகர் முப்பதுகளின் இறுதியில் இருந்த பெண்மணி, தொழிலில் தேர்ந்தவர். நண்பர் முதலாளியின் தம்பியைப் பற்றிப் புகாராக ஒன்றும் சொல்லவில்லை.

"மேடம், பதவிக் குறிப்பில் கொள்முதல் இருக்கிறது. நேற்று அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. அங்கே இப்போது அதைப் பார்ப்பவரின் அனுபவம் பெரியது என்று எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் நடுவில் கோடு எங்கே என்று நிறுவனம் நினைக்கிறது?"

சற்று நேரம் கழித்து அவர் சொன்னார்: "சார், உண்மையைச் சொன்னால் அதை அவர்களும் இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் எழுத்தில் கேட்டால் எனக்கும் உதவியாக இருக்கும்."

இந்தப் பதவியை நண்பருக்குப் பிழைக்கவைத்தது இந்த ஒரு வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். முதலாளிக் குடும்பத்துக்குள் பேசத் தயங்கிய ஒன்றை, வெளியிலிருந்து ஒரு கேள்வி வந்த சாக்கில் அவர்களே பேசி முடித்துக்கொள்ள முடிந்தது.

இதே பேச்சில் சம்பளத்தின் பிரிப்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்ற பேரம் இங்கே வேண்டாம். எந்தெந்தக் கூறுகளாக என்பது மட்டும் போதும். அவருக்குக் கிடைத்த பிரிப்பு: நிலையான சம்பளம் 60 லட்சம், மாறுசம்பளம் 24 லட்சம், குறித்த விலைக்கு நிறுவனத்தின் பங்கை வாங்கிக்கொள்ளும் பங்கு விருப்புரிமை ஆண்டுக்கு 12 லட்சம் மதிப்பில். மூன்றும் சேர்ந்து 96.

அந்த 96-ஐப் பிரித்துப் பார்த்தால்

அவருடைய இப்போதைய 68-இல் நிலையானது 62, மாறுசம்பளம் 6. அதாவது 28 லட்சம் கூடுகிறது என்று நினைத்த இடத்தில், உறுதியாக வரும் பணம் 2 லட்சம் குறைகிறது.

இன்னும் உள்ளே போவோம். நிலையான 60 லட்சம் என்பதும் சி.டி.சி. கணக்கு, அதாவது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 30 லட்சம் என்றார்கள். அதில் 12 சதவீதம் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி, 3.6 லட்சம். பணிக்கொடைக்கென்று வழக்கமாக ஒதுக்கும் 4.81 சதவீதம், 1.44 லட்சம். இரண்டையும் இந்த 60-க்குள்ளேயே சேர்த்திருந்தார்கள். இவற்றைக் கழித்தால் 54.96 லட்சம், மாதத்துக்கு, வருமான வரிக்கும் அவர் பங்கு வைப்பு நிதிக்கும் முன், 4.58 லட்சம். இப்போதைய வேலையில் அதே வகைக் கழிவுகள் போக மாதம் 4.75 லட்சம் வந்துகொண்டிருக்கிறது. வைப்பு நிதி அவர் பணம்தான், என்றாவது கைக்கு வரும். பணிக்கொடை, நிரந்தரப் பணியில் பொதுவாக 5 ஆண்டு முடித்தால்தான் கிடைக்கும். 18 மாத இலக்கோடு முதலீட்டாளர் பேசும் ஒரு பதவியில் அதைச் சம்பளமாக எண்ணிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாறுசம்பளம் 24 லட்சம் முழுவதும் கம்பெனியின் லாபத்தோடு கட்டப்பட்டிருந்தது: வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் வரும் லாபம். இலக்கில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒன்றுமில்லை. கணக்கு காலாண்டுக்கு ஒருமுறை. இங்கேதான் இந்தக் கடற்கரையின் நாள்காட்டி குறுக்கே வருகிறது. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாட்களில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகு கொண்டுவருவதும் பண்ணை இறாலும்தான் ஆலைக்கு வரும். நிதியாண்டின் முதல் காலாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை. அந்தக் காலாண்டுக்கும் மற்ற மூன்றுக்கும் ஒரே அளவு இலக்கு வைத்தால், ஆண்டின் கால்பங்கு மாறுசம்பளம் ஒவ்வோர் ஆண்டும் கையைவிட்டுப் போக வாய்ப்பிருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் ஒரே கணக்காக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பங்கு விருப்புரிமை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனத்தில் அது எப்போது காசாகும் என்பதே முதல் கேள்வி. நிறுவனச் சட்ட விதிகளின்படி, வழங்கிய நாளுக்கும் உரிமை முதிரும் நாளுக்கும் குறைந்தது ஓராண்டு இடைவெளி வேண்டும். அதன் பிறகு பங்கை எடுக்கும்போது, அன்றைய நியாய மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். பங்கை விற்று ஒரு ரூபாயும் வராத நிலையிலும் வரி கட்ட நேரலாம். ஆகவே திட்டத்துக்குப் பங்குதாரர் ஒப்புதல் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா, விலகும்போது யார் எந்த விலைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்று தெரியும்வரை, ஒப்பிடும்போது அந்த 12 லட்சத்தைச் சுழியமாகவே வைக்கும்படி நண்பரிடம் சொன்னேன்.

எழுதிய மடல்

ஆறு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கத்துக்குள் நிற்க வேண்டும். ஆலோசகர் அதை அப்படியே முதலாளிக்கு அனுப்பினாலும் யாரும் முகம் சுளிக்காதபடி ஒவ்வொரு வரியும் இருக்க வேண்டும். மடலை ஆலோசகரோடு வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியில் அனுப்பலாம். நண்பர் அனுப்பியதன் தமிழ் வடிவம் இது:

> வணக்கம். நேற்று தொலைபேசியில் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. இந்தப் பொறுப்பை ஏற்பதில் எனக்குள்ள விருப்பம் இறுதிச் சுற்றுக்குப் பின் கூடியிருக்கிறது. முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு இருக்க வேண்டும் என்பதால், பேசியவற்றை இங்கே எழுதுகிறேன்.
>
> பொறுப்பின் எல்லை:
>
> 1. பதவிக் குறிப்பில் கொள்முதல் சேர்ந்திருக்கிறது. கச்சாப்பொருளின் விலை, அளவு, படகுகளுக்கான முன்பணம் ஆகிய மூன்றிலும் இறுதி முடிவு யாருடையது? தலைமை இயக்க அதிகாரியின் பங்கு என்ன?
>
> 2. உள்நாட்டு விற்பனைப் பிரிவு இந்தப் பதவியின் கீழ் வருகிறதா? வருமானால் எந்த மாதத்திலிருந்து, எந்த அளவு ஆட்களோடும் நிதியோடும்?
>
> 3. தரக் கட்டுப்பாட்டுத் தலைவர் யாரிடம் அறிக்கை தருவார்? ஒரு சரக்கை ஏற்றுமதிக்கு அனுப்பாமல் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? ஆலைகளின் சட்டப்படியான மேலாளராக யார் பெயர் பதிவாகும்?
>
> சம்பளக் கட்டமைப்பு:
>
> 4. மாறுசம்பளத்தின் அளவுகோல்களில் இந்தப் பதவியின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ளவை எவை? தடைக்காலத்தைக் கருதி, கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையாக வைக்க இயலுமா?
>
> 5. கடந்த 3 ஆண்டுகளில் இந்த மட்டத்தில் இருந்தவர்களுக்கு, இலக்குத் தொகையில் எத்தனை சதவீதம் உண்மையில் வழங்கப்பட்டது?
>
> 6. பங்கு விருப்புரிமைத் திட்டத்தின் நகலைப் பார்க்கலாமா? விலகும்போதும் நிறுவனம் கைமாறும்போதும் என்ன நடக்கும்?
>
> முதல் மூன்றும் தெளிவானால் மற்றவற்றைப் பேசுவது எளிது. தொகையைப் பற்றி இப்போது நான் எதையும் கேட்கவில்லை. இந்த வார இறுதிக்குள் மறுபடி பேச முடிந்தால் நல்லது.

மூன்றாவது கேள்வியைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். தொழிற்சாலைச் சட்டம் 1948 நிறுவனத்தின் இயக்குநர் ஒருவரையே ஆலையின் முதன்மைச் சட்டப் பொறுப்பாளராக, 'ஆக்குபையர்' என்ற பெயரில், வைத்தது. ஆலை மேலாளர் என்று ஒருவர் பெயரையும் பதிவு செய்யச் சொன்னது. பணியிடப் பாதுகாப்புக்கான 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் இயக்குநரையே பொறுப்பாக்குகிறது. குளிரூட்டும் அறைகளில் அம்மோனியா ஓடும் ஆலையில் விபத்து நடந்தால் வழக்கில் வரும் பெயர்கள் இவை. பாதுகாப்புக்குச் செலவிடும் அதிகாரம் இல்லாதவர் பெயரை மேலாளராகப் பதிவு செய்வது நடக்கிற ஒன்று. அதிகாரமும் பதிவும் ஒரே ஆளிடம் இருக்கின்றனவா என்று கேட்பதில் தவறே இல்லை. சரக்கை நிறுத்தும் அதிகாரமும் அப்படித்தான். மருந்து எச்சம் இருப்பதாக வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு கொள்கலன் திருப்பப்பட்டால், கேள்வி முதலில் தலைமை இயக்க அதிகாரியிடம்தான் வரும்; தர அதிகாரி முதலாளியிடம் நேராக அறிக்கை தருபவராக இருந்தால், அந்தக் கேள்விக்கு அவரிடம் பதிலே இருக்காது.

ஐந்தாவது கேள்விதான் ஆறிலும் வலிமையானது. மாறுசம்பளத்தின் உண்மை மதிப்பைச் சொல்லக்கூடியது அது ஒன்றே. தயங்காமல் ஓர் எண் வந்தால் நல்ல அறிகுறி. "இதுவரை இந்தப் பதவியே இல்லை" என்றால், அடுத்த மட்டத்தில் இருந்தவர்களுக்கு வந்ததைக் கேட்கலாம். "நன்றாகவே வழங்கியிருக்கிறோம்" என்று மட்டும் வந்தால், பாதித் தொகை வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது பத்திரம்.

ஊர்க்காரர் வழி வேண்டாம்

மடல் போய் மூன்று நாள் பதில் இல்லை. நண்பருக்குப் பொறுக்கவில்லை. முதலாளியின் சம்பந்தி வீடு தங்கச்சிமடத்தில், நண்பரின் சித்தப்பாவுக்கு நெருங்கிய பழக்கம். "சித்தப்பா ஒரு வார்த்தை கேட்டால் உடனே தெரிந்துவிடும்" என்றார்.

நான் கடுமையாகவே மறுத்தேன். தொண்டியிலிருந்து கீழக்கரை வரை எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்த நெருக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் காரியத்தில் அது மூன்று வழியில் கெடுக்கும். தம்பியைப் பற்றிய கேள்வி உறவு வழியாகப் போனால், நிர்வாகக் கேள்வியாக இருந்தது குடும்பக் குறையாக மாறிவிடும். தன்னைத் தாண்டிப் போனதை அறிந்தால் ஆலோசகர் அதன் பிறகு உங்களுக்காக ஒரு சொல்லும் பேசமாட்டார். மூன்றாவது, செய்தி இப்போதைய நிறுவனத்தை எட்டும். நான் பணியில் இருந்தபோது ஒருவருக்கு இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்: திருமண வீட்டில் யாரோ வாழ்த்துச் சொன்னது மறுநாளே அவருடைய மேலதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. புதிய வேலை கடைசியில் வேறொருவருக்குப் போனது. பழைய இடத்திலும் அவரை யாரும் பழையபடி நம்பவில்லை.

மூன்று நாள் மௌனம் சாதாரணம். குடும்ப நிறுவனத்தில் இத்தகைய கேள்விக்குப் பதில் ஒரு வாரம் எடுக்கும். ஐந்தாம் வேலைநாளில் ஆலோசகரை அழைத்து, "ஏதாவது விளக்கம் தேவைப்படுகிறதா?" என்று கேட்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் ஆலோசகர் பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால், இரண்டாம் வேட்பாளரோடு பேச்சு நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் "என் ஆர்வம் அப்படியே இருக்கிறது, முடிவு எப்போது தெரியும்?" என்பதற்கு மேல் எழுத வேண்டாம்.

பதிலைப் படித்தல்

எட்டாம் நாள் ஆலோசகர் அழைத்தார். முதல் கேள்விக்கு வந்த பதில் விரிவாக இருந்தது. கொள்முதல் தம்பியிடமே இருக்கும். ஒவ்வொரு வாரமும் விலை வரம்பை மூவர் சேர்ந்து முடிவு செய்வார்கள், அந்த மூவரில் தலைமை இயக்க அதிகாரி ஒருவர். வரம்புக்கு மேல் வாங்கினால் காரணம் எழுதப்படும். நண்பர் எதிர்பார்த்ததைவிடக் குறைவான அதிகாரம்தான். ஆனால் கோடு எங்கே என்று தெரிந்துவிட்டது. மூன்றாவது கேள்விக்கு: தரத் தலைவர் நண்பரிடமே அறிக்கை தருவார், சரக்கை நிறுத்தும் அதிகாரம் இருவருக்கும் உண்டு, ஆலை மேலாளராக இப்போது இருப்பவர் பெயரே தொடரும்.

உள்நாட்டு விற்பனை பற்றி மட்டும் "சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று வந்தது. இந்தப் பதில் எந்தக் கேள்விக்கு வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இனித் தொடங்கப்போகும் ஒரு பிரிவைப் பற்றி அப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். சம்பளத்தின் அளவுகோலைப் பற்றியோ யாரிடம் அறிக்கை தருவது என்பதைப் பற்றியோ அப்படிச் சொன்னால் நான் மேலே ஓர் அடியும் வைக்கமாட்டேன். நண்பர் சொன்ன பதில்: "சரி. அதுவரை அந்தப் பிரிவின் லாபநட்டம் என் மாறுசம்பளத்தில் சேராது என்று மட்டும் எழுதிக்கொள்ளலாமா?" ஒப்புக்கொண்டார்கள்.

ஐந்தாவதற்கு நேரான எண் கிடைத்தது: மூன்று ஆண்டுகளில் இலக்கில் 40, 75, 55 சதவீதம். சராசரி 57 சதவீதத்துக்குச் சற்று குறைவு. 24 லட்சம் என்று எழுதப்பட்டது, பழைய நடப்பின்படி 13.6 லட்சம்தான்.

இப்போதுதான் தொகை

எண்கள் கையில் வந்த பிறகு நண்பர் கேட்டது மொத்தத்தைக் கூட்டும்படி அல்ல; 96 அப்படியே இருக்கட்டும், உள்ளே உள்ள பிரிப்பு மாறட்டும் என்றார். நிலையானது 68, மாறுசம்பளம் 16, பங்கு 12. மாறுசம்பளம் 16-இல் 10 லட்சம் அவர் கையில் உள்ள அளவுகோல்களுக்கு: ஒரு கிலோ நண்டிலிருந்து கிடைக்கும் சதையின் அளவு, வாங்குபவர் திருப்பிய சரக்கு, குளிர்கிடங்கின் மின்செலவு. மீதி 6 லட்சம் கம்பெனியின் ஆண்டு லாபத்துக்கு. கொள்முதல் விலை முழுதும் தன் கையில் இல்லை என்று அவர்களே எழுதியிருந்ததால், இந்தக் கோரிக்கைக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. நிறுவனத்துக்கும் மொத்தத் தொகை கூடவில்லை. ஆலோசகர் இரண்டே நாளில் ஒப்புதல் வாங்கித் தந்தார்.

கூடுதலாக ஒன்று மட்டும் கேட்டார். ஜூலையில் பழைய நிறுவனம் தரவேண்டிய 6 லட்சம் போனஸை, அதற்கு முன் விலகுவதால் இழக்கிறார். அதை ஈடுசெய்யச் சேரும்போது ஒருமுறை தொகை. கொடுத்தார்கள், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. இங்கே பலர் கவனிக்காத ஓர் இடம்: திருப்புவது முழுத் தொகையா, வரி போகக் கைக்கு வந்ததா? அவர் வருமான அளவில், புதிய வரி முறையில் 30 சதவீத வரி, கூடுதல் வரி, செஸ் எல்லாம் போக 6 லட்சத்தில் கைக்கு வருவது ஏறத்தாழ 4 லட்சம். முழுத் தொகை என்று எழுதியிருந்தால் பெறாத 2 லட்சத்தையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். "வரி போகப் பெற்ற தொகை, பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்பக் குறைத்து, நிறுவனம் தானாக விலக்கினால் பொருந்தாது" என்று திருத்திக்கொண்டார்.

காகிதம் வரும்வரை

பணி வழங்கும் கடிதம் வந்தபோது அதில் சம்பளம் சரியாக இருந்தது. பொறுப்பின் எல்லை ஒரே வரியில், "நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பணிகள்" என்று இருந்தது. இது வழக்கமான வாசகம், கெட்ட எண்ணம் என்று கொள்ள வேண்டாம். ஆனால் எட்டாம் நாள் தொலைபேசியில் சொன்ன எதுவும் அதில் இல்லை. நண்பர் ஆலோசகருக்கு அன்றே எழுதினார்: பேசி முடித்த நான்கு விஷயங்களை ஒரு பக்க இணைப்பாகச் சேர்க்க வேண்டும், சம்பள அளவுகோல் பட்டியல் இன்னோர் இணைப்பாக வர வேண்டும். வாசகத்தை அவரே தயாரித்து அனுப்பினார். இப்படிச் செய்தால் வேலை விரைவாக முடியும். வேறொருவர் எழுதட்டும் என்று விட்டால் மறுபடி ஒரு வாரம் போகும்.

கடிதத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது: விலகிய பின் இரண்டாண்டுக்கு வேறு கடல்பொருள் நிறுவனத்தில் சேரக் கூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவின்படி, வேலை முடிந்த பிறகும் தொழிலைத் தடுக்கும் இத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதனால் அதைப் பெரிய சண்டையாக்க வேண்டாம் என்றேன். ரகசியக் காப்பும், ஆட்களையும் வாடிக்கையாளர்களையும் இழுக்காதிருப்பதும் மட்டும் இருக்கட்டும் என்று கேட்டார், மாற்றிவிட்டார்கள்.

இணைப்புகளில் கையெழுத்து வரும்வரை பழைய நிறுவனத்தில் விலகல் கடிதம் கொடுக்கவில்லை. அவருக்கு அறிவிப்புக் காலம் 90 நாள். இரண்டு இணைப்பும் மார்ச் 2-ஆம் தேதி மாலை வந்தன. 3-ஆம் தேதி காலை விலகல் கடிதத்தைக் கொடுத்தார். 90 நாள் எண்ணினால் ஜூன் முதல் தேதி வருகிறது. தடைக்காலம் முடிந்து மண்டபத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முன் அவருக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் முதலாளியின் தம்பியோடு படகுத்துறையில் உட்கார்ந்து, முன்பணக் கணக்கை ஒவ்வொரு படகாகக் கேட்டு எழுதிக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.